காப்புறுதியின் கதை – 7: காணாமற்போன பத்திரங்கள்

1955ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் டெல்லியிலிருந்த பாரத் காப்புறுதிக் கம்பனியிடம் இந்திய நிதி அமைச்சு ஒரு சாதாரணக் கேள்வியைக் கேட்டது. கணக்குப் புத்தகங்களில் எழுதப்பட்டிருக்கும் அரசாங்கக் கடன்பத்திரங்களைக் கொண்டுவந்து காட்ட முடியுமா என்பதே கேள்வி. அந்தக் கம்பனி 1896இல் லாகூரில் தொடங்கப்பட்டது. ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் பழையது. அதன் தலைவர் ராமகிருஷ்ண டால்மியா, அன்றைய இந்தியாவின் மிகப் பெரிய முதலாளிகளில் ஒருவர். புத்தகத்தில் பத்திரங்கள் இருந்தன. இரும்புப் பெட்டியில் இருக்கவில்லை.

காப்புறுதிக் கம்பனி ஒன்று விழுந்தால் அதில் பணம் கட்டியவர்களுக்கு என்ன நடக்கும் என்ற கேள்விக்குத் தெற்காசியாவில் எழுதப்பட்ட சட்டங்களில் பல, நிதி அமைச்சின் அந்த ஒரு கேள்வியின் நிழலில் எழுதப்பட்டவை. ஆகவே இந்தப் பகுதி முழுவதையும் பாரத் கம்பனிக்கும், அதற்குப் பின்னால் வந்த நான்கு மாதங்களுக்கும் கொடுக்கிறேன். எங்கள் நாட்டுச் சட்டத்துக்கு இறுதியில் வருவோம்.

முதலில் அந்தப் பத்திரங்கள் எதற்காக இருந்தன என்பதைச் சொல்லவேண்டும். முப்பது வயதில் ஒருவர் இருபத்தைந்து வருட ஆயுள் காப்புறுதி எடுத்தால், வருடாவருடம் ஒரே அளவு கட்டணம்தான் கட்டுகிறார். ஆனால் அவர் இறந்துபோகும் அபாயம் வருடாவருடம் கூடிக்கொண்டே போகிறது. அத்துடன், கெடு முடியும்போது உயிரோடிருந்தால் அவருக்கே முழுத்தொகையும் கொடுக்கவேண்டும். எனவே முதல் வருடங்களில் அவர் கட்டுவதில் பெரும்பகுதி பின்னாளைய செலவுக்கான சேமிப்பு. கம்பனி அதைத் தனது இலாபமாக எண்ணக்கூடாது. அந்தச் சேமிப்பின் திரட்சியே ஆயுள் நிதியம். ஒவ்வொரு காப்புறுதிதாரருக்கும் இன்றைய நிலையில் எவ்வளவு கையில் இருக்கவேண்டும் என்று கணிப்பாளர் கணக்கிட்டுச் சொல்வார். அந்தத் தொகைக்கு ஈடாக நிலமோ, பத்திரமோ, பங்கோ, பணமோ இருக்கவேண்டும். இருந்தால் கம்பனி நிற்கிறது. இல்லாவிட்டால், வாசலில் பளபளக்கும் பெயர்ப்பலகை தொங்கினாலும், மாதாமாதம் கட்டணம் வந்துகொண்டிருந்தாலும், அது விழுந்துவிட்ட கம்பனிதான். விழுந்தது வெளியே தெரியவர மட்டும் பத்து வருடமும் ஆகலாம்.

காப்புறுதிக்கும் கடைக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. கடைக்காரர் நொடித்தால் முதலில் சரக்கு வராது, பிறகு கூலி நிற்கும், ஊருக்கே தெரிந்துவிடும். காப்புறுதிக் கம்பனிக்கோ காசு முதலில் வருகிறது, கொடுக்கவேண்டியது பிறகு வருகிறது. புதிய ஆட்களின் கட்டணத்தில் பழைய ஆட்களின் கோரிக்கைகளைத் தீர்த்துக்கொண்டு நெடுங்காலம் ஓடலாம். அதனால்தான் பணம் கட்டுபவர்களால் தாங்களாகவே கண்டுபிடிக்க முடியாத ஒன்றைக் கண்டுபிடிக்க ஒரு அரசாங்க அலுவலர் தேவைப்பட்டார்.

சென்ற பகுதியில் பார்த்த 1938ஆம் ஆண்டின் இந்தியக் காப்புறுதிச் சட்டம் அந்த அலுவலரை உருவாக்கியது. ஆயுள் காப்புறுதி நடத்தும் கம்பனி 2 இலட்சம் ரூபாயை ரிசர்வ் வங்கியில் வைப்பாகக் கட்டவேண்டும். தனது பொறுப்புகளுக்கு ஈடான சொத்தில் ஏறத்தாழப் பாதியை அரசாங்கப் பத்திரங்களிலும் அங்கீகரிக்கப்பட்ட பத்திரங்களிலும் போடவேண்டும். 1950இல் சட்டத்தைத் திருத்தியபோது அந்த அலுவலரான கட்டுப்பாட்டாளருக்கு அதிகாரம் கூடியது. ஒரு கம்பனி காப்புறுதிதாரருக்குக் கேடாக நடத்தப்படுகிறது என்று கண்டால் அதன் நிர்வாகத்தை இயக்குநர்களிடமிருந்து எடுத்து ஒரு நிர்வாகியிடம் கொடுக்க 52அ என்ற பிரிவு வழிசெய்தது. தாளில் பார்த்தால் குறை சொல்ல முடியாத ஏற்பாடு.

ஆனால் இந்த ஏற்பாடு முழுவதும் ஒரு நம்பிக்கையில் நின்றது. கம்பனி அனுப்பும் கணக்கில் உள்ள பத்திரங்கள் உண்மையில் இருக்கின்றன என்ற நம்பிக்கை அது. 2 இலட்சம் வைப்பு, கோடிக்கணக்கில் பொறுப்பேற்ற கம்பனிக்கு ஒன்றுமே இல்லை. உண்மையான காவல் அந்த அரசாங்கப் பத்திரங்கள்தான்.

பாரத் கம்பனியில் நடந்ததை உச்ச நீதிமன்றம் பின்னர் 1962இல் தனது தீர்ப்பில் படிப்படியாக விவரித்தது. டால்மியாவின் கட்டுப்பாட்டில் பாரத் யூனியன் ஏஜென்சீஸ் என்று வேறொரு கம்பனி இருந்தது. அது பம்பாய்ப் பங்குச் சந்தையில் ஊகவியாபாரம் செய்தது. 1954இலும் 1955இலும் அதற்குத் தொடர்ச்சியாக நட்டம். அந்த நட்டத்தை உடனுக்குடன் தரகர்களுக்குக் கட்டவேண்டும். காப்புறுதிக் கம்பனிக்குப் பம்பாயில் ஒரு வங்கிக் கணக்கு இருந்தது. அதன் காசோலைகளில் இரண்டு பேர் ஒப்பமிடவேண்டும் என்பது விதி. ஒருவர் டெல்லியிலிருந்த செயலாளர், மற்றவர் பம்பாயிலிருந்த முகவர். டெல்லிக்காரர் வெற்றுக் காசோலைகளில் முன்கூட்டியே ஒப்பமிட்டுப் பம்பாய்க்கு அனுப்பிவிடுவார். பம்பாய்க்காரர் தேவைப்படும்போது தனது ஒப்பத்தைச் சேர்த்துப் பணத்தை எடுப்பார். இரண்டு பேர் இருந்தால் ஒருவர் மற்றவரைத் தடுப்பார் என்பதற்காகத்தான் இரட்டை ஒப்பம் என்ற விதியே இருக்கிறது. தொலைவும் அவசரமும் சேர்ந்து அந்த விதியை ஒரு கைக்குள் அடக்கிவிட்டன.

எடுத்த பணம் ஏஜென்சீஸின் நட்டத்துக்குப் போனது. காப்புறுதிக் கம்பனியின் புத்தகத்திலோ அதே தொகைக்கு அரசாங்கப் பத்திரம் வாங்கியதாக எழுதப்பட்டது. சட்டம் எந்தச் சொத்தை மிகப் பத்திரமானது என்று சொன்னதோ அதே சொத்தின் பெயரால் களவு நடந்தது. பார்ப்பவருக்கு அதைவிட நல்ல முதலீடு இருக்க முடியாது. வட்டி குறைவு, ஆனால் அரசாங்கத்தின் கடன். யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். இப்படி வெளியேறிய தொகை இரண்டு கோடி ரூபாயைத் தாண்டியது. அன்றைய பணத்தில் அது எத்தனை குடும்பங்களின் சேமிப்பு என்பதை நினைத்துப் பார்த்தால் நெஞ்சு பதறுகிறது. ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்க் காப்புறுதிகள் எழுதப்பட்ட காலம் அது.

வெளியே வந்தது எப்படி? பத்திரங்களைக் கண்ணால் காணவேண்டும் என்று அமைச்சின் அலுவலர்கள் விடாமல் கேட்டதால்தான். கணக்கை வாங்கி வாசிப்பதோடு அவர்கள் நின்றிருந்தால் எதுவும் தெரிந்திருக்காது. டால்மியா முதலில் தவணை கேட்டார். பிறகு, காப்புறுதிச் சட்டத்தின் 33ஆம் பிரிவின்கீழ் விசாரணைக்கு நியமிக்கப்பட்ட கணக்காளரிடம், 2 கோடி 20 இலட்சம் ரூபாய் அளவில் பத்திரங்களைக் கையாடியதாகவும் பணத்தை ஊகவியாபாரத்தில் இழந்துவிட்டதாகவும் எழுதிக் கொடுத்தார். காப்புறுதிதாரர்களின் நலனுக்காக எப்படியாவது உறவினர்களைக் கேட்டாவது முழுத்தொகையையும் திருப்பிக் கட்டுவதாகவும் அதில் சொல்லியிருந்தார். அவ்வாறே குடும்பம் கைகொடுக்க, குழியின் பெரும்பகுதி நிரப்பப்பட்டது. வழக்கு தொடர்ந்தது. தண்டனையை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. டால்மியா சிறைக்குப் போனார்.

பாரத்தின் காப்புறுதிதாரர்கள் தப்பினார்கள். அவர்களைக் காப்பாற்றியது ஒரு பணக்காரக் குடும்பம். ஒழுங்குபடுத்தல் என்ற ஏற்பாடு களவைக் கண்டுபிடித்தது. பணத்தைத் திருப்பிக் கொண்டுவர அதனிடம் வழி இருக்கவில்லை. டால்மியாவுக்கு வசதியான உறவினர் இல்லாதிருந்தால் என்ன நடந்திருக்கும்? அதே காலத்தில் அப்படி விழுந்த கம்பனிகளும் இருந்தன. நிதியமைச்சர் சி. டி. தேஷ்முக் 1956 ஜனவரியில் நாட்டுக்குச் சொன்ன கணக்கு இது: முந்திய பத்தாண்டுகளில் 25 ஆயுள் காப்புறுதிக் கம்பனிகள் கலைக்கப்பட்டன. இன்னும் 25 கம்பனிகள் தங்கள் சொத்தைத் தின்று தீர்த்ததால், காப்புறுதிதாரர்களுக்கு நட்டத்தோடு, அவற்றின் வியாபாரம் வேறு கம்பனிகளுக்கு மாற்றப்பட்டது.

கலைத்தல், மாற்றுதல் என்ற இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பணம் கட்டியவரின் வாழ்க்கையையே மாற்றுகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நானே வைத்தவை.

நாற்பத்தைந்து வயதான ஒருவரிடம் 5,000 ரூபாய்க்கு ஒரு காப்புறுதி இருக்கிறது. பதினைந்து வருடமாகக் கட்டணம் கட்டிவருகிறார். கம்பனி அவருக்கு எதிர்காலத்தில் கொடுக்கவேண்டியதன் இன்றைய பெறுமதி 3,500 ரூபாய். அவர் இனிமேல் கட்டப்போகும் கட்டணங்களின் இன்றைய பெறுமதி 1,700. ஆக மீதி 1,800 ரூபாயைக் கம்பனி இன்றே அவர் பெயரில் கையில் வைத்திருக்கவேண்டும். ஆனால் நிதியத்தில் களவு போனதால் அவருடைய பங்குக்கு 1,200 ரூபாய்தான் இருக்கிறது. மூன்றில் ஒரு பங்கு இல்லை.

நீதிமன்றம் கம்பனியைக் கலைத்தால், கலைப்பாளர் சொத்தை விற்பார். அவசர விற்பனையில் விலை இறங்கும், கலைப்பாளரின் செலவு கழியும், வருடங்கள் ஓடும். இறுதியில் அவருக்கு ஆயிரம் ரூபாய் அளவில் ஏதாவது கிடைக்கலாம். அதைவிடப் பெரிய இழப்பு, காப்புறுதி அன்றோடு முடிந்துவிடுவது. நாற்பத்தைந்து வயதில், இடையில் நீரிழிவோ இதயக் கோளாறோ வந்திருந்தால், வேறு எந்தக் கம்பனியும் அவரைச் சேர்க்காது. சேர்த்தாலும் கட்டணம் இரண்டு மடங்கு. அந்த இடைவெளியில் அவர் இறந்தால் குடும்பத்துக்கு ஒன்றுமில்லை.

மற்ற வழி, கலைக்காமல் ஒப்பந்தங்களின் தொகையைக் குறைப்பது. 1938ஆம் ஆண்டுச் சட்டமே 61ஆம் பிரிவில் நீதிமன்றத்துக்கு இந்த அதிகாரத்தைக் கொடுத்திருந்தது. கையில் 1,200 இருக்கிறது. அவர் கட்டணத்தைத் தொடர்ந்து கட்டினால் 1,700 வரும். மொத்தம் 2,900. கொடுக்கவேண்டியது 3,500. ஆகவே 5,000 ரூபாய்க் காப்புறுதியை ஏறக்குறைய 4,140 ரூபாயாகக் குறைத்தால் கணக்குச் சரியாகிவிடும். நிதியத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டபோதும், காப்புறுதிதாரர் இழப்பது ஆறில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம் மட்டுமே. எதிர்காலக் கட்டணங்கள் களவுபோகவில்லை என்பதே காரணம். உடல்நலம் எப்படியிருந்தாலும் அவர் காப்பில் இருக்கிறார்.

ஆனால் இதில் ஒரு நிபந்தனை உண்டு. எல்லோரும் கட்டணத்தைத் தொடர்ந்து கட்டவேண்டும். கம்பனி ஆட்டங்காண்கிறது என்ற செய்தி பரவினால் நல்ல உடல்நலம் உள்ளவர்கள் காப்புறுதியைக் கைவிட்டு வேறிடம் போவார்கள், நோயாளிகள் மட்டும் தங்குவார்கள். பிறகு எந்தக் கணக்கும் நிற்காது. அதனால்தான் ஒழுங்குபடுத்துவோர் விழும் கம்பனியைச் சத்தமில்லாமல், வேகமாக, முழுதாக வேறொரு வலிமையான கம்பனியின் கையில் சேர்த்துவிடப் பார்க்கிறார்கள். அவர்களின் மௌனத்தைப் பலர் அலட்சியம் என்று நினைக்கிறார்கள். பல சமயம் அது அலட்சியமாகவும் இருந்திருக்கிறது. ஆனால் மௌனத்துக்கு இப்படியொரு நியாயமும் உண்டு.

1955 டிசம்பர் 6ஆம் திகதி லோக்சபையில் பெரோஸ் காந்தி எழுந்தார். ஆளுங்கட்சிக்காரர், பிரதமரின் மருமகன். தனது கட்சி அரசாங்கத்தின் முன்னிலையிலேயே, டால்மியா கம்பனிகளுக்கிடையில் காப்புறுதிப் பணம் எப்படிச் சுற்றியது என்பதை எண்களோடு விவரித்தார். ஒரு வங்கியின் பணத்தில் ஒரு காப்புறுதிக் கம்பனியைப் பிடிப்பது, அந்தக் காப்புறுதிக் கம்பனியின் நிதியத்தில் அடுத்த கம்பனியைப் பிடிப்பது என்று போன சங்கிலி அது. அந்த உரைக்குப் பிறகு அரசாங்கத்தால் சும்மா இருக்க முடியவில்லை.

1956 ஜனவரி 19 மாலை தேஷ்முக் வானொலியில் பேசினார். அன்றிலிருந்து நாட்டின் ஆயுள் காப்புறுதி முழுவதன் நிர்வாகமும் அரசாங்கத்தின் கையில் என்று அறிவித்தார். 154 இந்தியக் கம்பனிகள், 16 வெளிநாட்டுக் கம்பனிகள், 75 சேமலாபச் சங்கங்கள், மொத்தம் 245. இதற்கான அவசரச் சட்டத்தின் தயாரிப்பு கடுமையான இரகசியமாக வைக்கப்பட்டிருந்தது. முன்கூட்டியே தெரிந்திருந்தால் ஓரிரு வாரங்களில் இன்னும் எத்தனை பெட்டிகள் வெறுமையாகியிருக்கும் என்பதை பாரத் காட்டியிருந்தது. முதலில் எடுத்தது நிர்வாகத்தை மட்டும். ஒவ்வொரு கம்பனிக்கும் பொறுப்பாளர்கள் போய்ச் சாவிகளையும் புத்தகங்களையும் கைப்பற்றினார்கள். உரிமை செப்டெம்பர் 1ஆம் திகதி, 5 கோடி ரூபாய் மூலதனத்தோடு தொடங்கிய ஆயுள் காப்புறுதிக் கழகத்துக்குப் போனது. எல்ஐசி என்று இன்று எல்லோரும் அறிந்த நிறுவனம் அது.

அந்தக் கழகத்தின் சட்டத்தில் இரண்டு பிரிவுகளைச் சேர்த்து வாசிக்கவேண்டும். 37ஆம் பிரிவு, கழகத்தின் காப்புறுதிகள் அனைத்துக்கும், போனஸ் உட்பட, மத்திய அரசே பொறுப்பு என்கிறது. இதை எல்லா ஏஜென்டுகளும் மனப்பாடமாகச் சொல்வார்கள். 14ஆம் பிரிவை யாரும் சொல்வதில்லை. கழகம் ஏற்றுக்கொண்ட ஒரு பழைய கம்பனியின் நிதிநிலை மோசமாக இருந்தால், 1956 ஜனவரி 19க்கு முன் எழுதிய அதன் காப்புறுதிகளின் தொகையை, அரசாங்கம் ஒப்பிய திட்டத்தின்படி, கழகம் குறைக்கலாம் என்கிறது அது. நான் மேலே போட்ட கணக்குத்தான் சட்டமாக நிற்கிறது. அரசாங்கத்தின் உத்தரவாதமே இந்தப் பிரிவுக்கு உட்பட்டது என்றும் எழுதியிருக்கிறார்கள். பொதுப்பணத்தைக்கொண்டு ஒவ்வொரு முதலாளியின் களவையும் முழுதாக ஈடுசெய்ய அரசாங்கம் முன்வரவில்லை. எனக்கு இது நேர்மையான சட்டமாகவே படுகிறது. ஆனால் அந்த நேர்மையின் சுமை, எந்தத் தவறும் செய்யாத ஒருவர் மீது விழுகிறது என்பதையும் மறைக்க முடியாது.

அந்த 52அ பிரிவு இன்றும் உயிரோடிருக்கிறது. தனியார் கம்பனிகள் இந்தியாவில் திரும்பவும் வந்தபின், 2017 ஜூனில், சகாரா இந்தியா ஆயுள் காப்புறுதிக் கம்பனிக்கு ஒழுங்குபடுத்தும் ஆணையம் ஒரு நிர்வாகியை நியமித்தது. சில நாட்களில் புதிய காப்புறுதி எழுதவேண்டாம் என்று தடுத்தது. அடுத்த மாதம் வியாபாரத்தை ஐசிஐசிஐ புருடென்ஷியலுக்கு மாற்றச் சொன்ன உத்தரவு மேன்முறையீட்டில் நிற்கவில்லை. கம்பனியின் பக்கத்தைச் சரியாகக் கேட்கவில்லை என்று தீர்ப்பாயம் சொன்னது. 2023 ஜூன் 2ஆம் திகதி, ஏறக்குறைய 2 இலட்சம் காப்புறுதிகளை எஸ்பிஐ ஆயுள் காப்புறுதிக்கு மாற்ற ஆணையம் உத்தரவிட்டது. சில நாட்களிலேயே தீர்ப்பாயம் அதற்கும் தடை போட்டது. நிர்வாகி போய் உட்கார ஒரு நாள் போதும். காப்புறுதிதாரரை வேறொரு கூரையின் கீழ் கொண்டுபோக ஆறு வருடமும் போதவில்லை. இதற்கிடையில் புதியவர்கள் சேராத கம்பனியில் செலவு குறையாது, வருமானம் குறையும். காலதாமதமே நிதியத்தைக் கரைக்கும்.

இனி எங்கள் கரைக்கு வருவோம்.

இலங்கை இந்தியாவுக்கு ஆறு வருடம் பின்னால் அதே பாதையில் போனது. 1961ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் காப்புறுதிக் கூட்டுத்தாபனம் உருவாகி 1962 ஜனவரி 1 முதல் ஆயுள் காப்புறுதியின் தனியுரிமையைப் பெற்றது. 1964இல் பொதுக் காப்புறுதியும் அதன் கைக்குப் போனது. எண்பதுகளின் பிற்பகுதியில் தனியார் மீண்டும் அனுமதிக்கப்பட்டார்கள். கம்பனி விழுவது என்ற பிரச்சினையும் அவர்களோடு திரும்பி வந்தது. 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் காப்புறுதிச் சபையை அமைத்தது. 2017இன் திருத்தத்துக்குப் பின் அதுவே இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு.

இந்தச் சட்டத்துக்கு முதற் பெரும் சோதனை 2008 டிசம்பரில் வந்தது. சிலின்கோ குழுமத்தைச் சேர்ந்த கோல்டன் கீ என்ற கடன் அட்டைக் கம்பனி, மத்திய வங்கியின் அனுமதி எதுவுமில்லாமல், ஏறக்குறைய 9,000 பேரிடம் 2,600 கோடி ரூபாய் அளவில் வைப்பு வாங்கியிருந்தது. திருப்பிக் கொடுக்க முடியாமல் விழுந்தது. அதே குழுமத்தோடு தொடர்புள்ள செலான் வங்கியில் பணமெடுக்கக் கூட்டம் அலைமோத, மத்திய வங்கி தலையிட்டு அதன் நிர்வாகத்தை மாற்றியது. நாட்டின் மிகப் பெரிய தனியார் காப்புறுதிக் கம்பனியும் சிலின்கோவின் பெயரைத்தான் தாங்கியிருந்தது.

அந்த நாட்களில் கல்முனைப் பக்கம் கேட்ட கேள்வி எனக்கு நினைவிருக்கிறது. கடைத்தெருவில் எனக்குப் பழக்கமான ஒரு காக்கா, "தம்பி, கம்பனிய பூட்டினா நம்மட காசுக்கு ஆருட்ட போய்ப் பேசுற?" என்று கேட்டார். வினாயகபுரத்தில் எங்கள் ஆட்களும் அதையேதான் கேட்டார்கள். வங்கியும் காப்புறுதியும் வைப்புக் கம்பனியும் ஒரே பெயரில் இருக்கும்போது எது யாருடைய கண்காணிப்பில் இருக்கிறது என்று சாதாரண மனிதருக்கு எப்படித் தெரியும்?

விடை பெயரில் இருக்கவில்லை, நிதியத்தில் இருந்தது. ஆயுள் காப்புறுதியின் பணத்தைத் தனி நிதியமாக வைக்கவேண்டும், வேறு எதற்கும் எடுக்கக்கூடாது, குறிப்பிட்ட பங்கை அரசாங்கப் பத்திரங்களில் போடவேண்டும் என்று 2000ஆம் ஆண்டுச் சட்டம் கேட்டிருந்தது. பாரத் சொல்லிக்கொடுத்த பாடம் அது. சிலின்கோவின் பெரிய காப்புறுதிக் கம்பனி புயலைத் தாண்டி நின்றது. இன்றும் கோரிக்கைகளைக் கொடுத்துவருகிறது. ஆனால் அதே குழுமத்தின் சிலின்கோ தகாபுல் கம்பனிக்கு அப்படி வாய்க்கவில்லை. 2009இல் சபை அதன் பதிவை இடைநிறுத்தியது. வட்டி கலவாத காப்பு வேண்டும் என்று தேடிப்போன முஸ்லிம் குடும்பங்களுக்காக ஏற்பட்ட கம்பனி அது. தகாபுல் என்பதனால் இந்தக் கணக்கு மாறிவிடாது. பங்களிப்புச் செய்தவர்களின் பொதுநிதி ஒருபக்கம், நடத்துபவரின் சொந்தப் பணம் மறுபக்கம் என்று பிரித்து வைப்பது தகாபுலின் அடிப்படையே. அந்தப் பிரிவு தாளில் மட்டும் இருந்தால் அங்கும் பெட்டி வெறுமையாகும்.

பதிவை இடைநிறுத்துவது என்றால் காப்புறுதி செல்லாது என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படியில்லை. புதிய காப்புறுதி எழுத முடியாது என்பதே அதன் முதற் பொருள். ஏற்கெனவே எழுதிய ஒப்பந்தத்தின் பொறுப்பு கம்பனியை விட்டுப் போகாது. ஆகவே செய்தி வந்த அன்றே கட்டணத்தை நிறுத்துபவர் தனக்குத்தானே கேடு தேடுகிறார். கட்டணம் நின்றால் காப்புறுதி காலாவதியாகும், பிறகு கம்பனி இன்னொரு கையில் சேர்ந்தாலும் அவருக்கு அங்கே இடமிருக்காது. ஒப்பந்தப் பத்திரத்தையும் கடைசிப் பற்றுச்சீட்டு வரை அனைத்தையும் கையில் வைத்திருக்கவேண்டும். கட்டணத்தை ஏஜென்டின் கையில் கொடுக்காமல் கம்பனியின் கணக்கில் நேராகக் கட்டவேண்டும். கணக்குப் புத்தகங்கள் குழம்பிய கம்பனியில் காப்புறுதிதாரரின் கையிலுள்ள காகிதம்தான் சாட்சி.

அதன்பின் சட்டம் இறுகியது. 2011இன் திருத்தம், ஆயுள் காப்புறுதியையும் பொதுக் காப்புறுதியையும் ஒரே கம்பனி நடத்தக்கூடாது என்றது. 2015இல் கம்பனிகள் இரண்டாகப் பிரிந்தன. ஒரு வெள்ளத்திலோ பெரிய தீ விபத்திலோ பொதுக் காப்புறுதிக்கு வரும் அடி, ஆயுள் நிதியத்தைத் தொடாமலிருக்க இது வழி. 2016 முதல் ஒவ்வொரு கம்பனியின் மூலதனமும் அது தாங்கும் அபாயத்துக்கு ஏற்ப அளக்கப்படுகிறது. கணக்கில் வரும் மூலதனம், அபாயத்துக்கு வேண்டிய மூலதனத்தில் குறைந்தது 120 வீதமாக இருக்கவேண்டும். தொகையாக 50 கோடி ரூபாய்க்குக் குறையக்கூடாது. முன்னைய முறையில் ஒரு கம்பனி பங்குச் சந்தையில் பணத்தைப் போட்டாலும் அரசாங்கப் பத்திரத்தில் போட்டாலும் பெரிதாக வேறுபாடு இருக்கவில்லை. புதிய முறையில் பங்குக்கு அதிக மூலதனம் ஒதுக்கவேண்டும். ஆகவே சூதாட்டத்தின் விலையை முதலாளியே முன்கூட்டிக் கொடுக்கிறார்.

அந்த 120 என்ற எண்ணைக் கம்பனியின் ஆண்டறிக்கையில் தேடலாம். இரண்டு, மூன்று வருட அறிக்கைகளை அருகருகே வைத்து அது இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கும்போதே புதிய வியாபாரம் வேகமாக ஏறினால் கவனிக்கவேண்டும். தன் சொந்தக் குழுமத்துக் கம்பனிகளில் எவ்வளவு பணம் போட்டிருக்கிறது என்பதும் அறிக்கையின் குறிப்புகளில் இருக்கும். பாரத்தின் பணம் போன வாசல் அதுதான். கோரிக்கைகள் காரணமில்லாமல் மாதக்கணக்கில் இழுபடுவது வாடிக்கையாளருக்கு நேரில் தெரியும் முதல் அறிகுறி.

இவ்வளவுக்கும் பின்னால் கடைசி வரிசையில் காப்புறுதிதாரர் பாதுகாப்பு நிதியம் இருக்கிறது. ஆயுள் காப்புறுதிக் கட்டணத்தில் 0.2 வீதமும் பொதுக் காப்புறுதிக் கட்டணத்தில் 0.4 வீதமும் தீர்வையாக அதற்குப் போகின்றன. வருடம் ஒரு இலட்சம் ரூபாய் ஆயுள் காப்புறுதிக்குக் கட்டுபவருக்காக அதில் 200 ரூபாய் சேர்கிறது. இந்த அளவில் நிதியம் மெல்ல மெல்லத்தான் வளரும். பெரிய கம்பனி ஒன்று விழுந்தால் அதன் முழுக்குழியையும் நிரப்பும் வலு அதற்கு வராது. சிறிய கம்பனியின் நிலுவைக் கோரிக்கைகளைத் தீர்க்கவும், இன்னொரு கம்பனி அதன் காப்புறுதிகளை ஏற்கும்போது குறையும் தொகையை ஈடுசெய்யவும் ஏற்ற அளவு அது. வங்கி வைப்பு வைத்தவருக்கு, வங்கி விழுந்தால் 11 இலட்சம் ரூபாய் வரை கிடைக்கும் என்று ஒரு வரையறை இருக்கிறது. எங்கே, எவ்வளவு என்று அவர் அன்றே சொல்லிவிடலாம். காப்புறுதிதாரருக்கு அப்படித் தலைக்கு இவ்வளவு, இத்தனை நாளுக்குள் என்று சட்டத்தில் ஒரு வரி எழுதப்படவில்லை. காக்காவின் கேள்விக்கு யாரிடம் போவது என்று இன்று பதில் சொல்லலாம்: ஆணைக்குழுவிடம். எவ்வளவு, எப்போது என்ற பாதிக்குச் சட்டத்தில் இன்னும் பதிலில்லை. அந்த வரி எழுதப்படவேண்டும்.

அடுத்த பகுதியில்: கோரிக்கை மறுக்கப்பட்டவர் போகும் வழி, காப்புறுதிக் குறைகேள் அதிகாரி பதவி உருவான கதை.